விற்ற நாளின் கடன்: வாரண்டி ஒதுக்கும் பழுதுச் செலவும்



கணக்கியலில் எந்தத் தலைப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைப்பிதழில் எழுதியிருந்தீர்கள். நான் ஒரே ஒரு பேரேட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதன் பெயர் வாரண்டி ஒதுக்கு. முப்பது ஆண்டுகளாகக் கோவை வட்டாரத்துப் பட்டறைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்து வருகிறவன் நான். இவ்வளவு சிறிய கணக்கில் இவ்வளவு அதிகமாகத் தவறு நடப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி டேபிள் டாப் கிரைண்டர் செய்கிற நிறுவனம் ஒன்றின் கணக்கை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் வேண்டாம். எண்களையும் கரும்பலகையில் எழுத வசதியாக முழு எண்களாக்கி எளிமைப்படுத்தியிருக்கிறேன். கிரைண்டரின் விலை ₹6,000. பெட்டிக்குள் கல், டிரம், வைப்பரோடு ஒரு வாரண்டி அட்டையும் இருக்கும். இரண்டு ஆண்டுக்குள் பழுது வந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று அதில் அச்சடித்திருக்கும்.

பில் போட்ட அந்த நிமிடத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ₹6,000 வருமானம் வருகிறது. அதோடு, அதை வாங்கிய வீட்டு அம்மாவுக்கு நிறுவனம் ஒரு கடனும் பட்டுவிடுகிறது. வருமானத்தை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கடனைத்தான் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதைக் கேட்டு அன்றைக்கு யாரும் வருவதில்லை. 2017 தீபாவளிக்கு வாங்கிய கிரைண்டர் 2019 மே மாதம் நின்றுபோகிறது. மெக்கானிக் போய் பேரிங்கை மாற்றுகிறார். ₹750 செலவாகிறது. இந்த ₹750 எந்த ஆண்டின் செலவு? பணம் வெளியே போனது 2019-20இல். ஆனால் அந்தச் செலவுக்குக் காரணமான விற்பனையும், அதன் லாபமும் 2017-18இல் எழுதப்பட்டவை. லாபம் ஓர் ஆண்டிலும் அதற்கான செலவு வேறோர் ஆண்டிலும் உட்கார்ந்தால் இரண்டு ஆண்டுகளின் கணக்கும் பொய்யாகிவிடும். அதனால் விற்ற ஆண்டிலேயே, இந்த விற்பனையால் பின்னால் வரப்போகும் பழுதுச் செலவு இவ்வளவு என்று மதிப்பிட்டு எழுதிவைக்க வேண்டும்.

குறிப்பேட்டுப் பதிவு எளியது. வாரண்டிச் செலவுக் கணக்கில் பற்று, வாரண்டி ஒதுக்குக் கணக்கில் வரவு. செலவு இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. ஒதுக்கு இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்தில் நிற்கிறது. பிறகு உண்மையில் பழுது பார்க்கும்போது ஒதுக்குக் கணக்கில் பற்று, உதிரிபாக இருப்பிலும் கூலியிலும் ரொக்கத்திலும் வரவு. இந்த இரண்டாவது பதிவில் இலாப நட்டக் கணக்கு வரவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். செலவு ஏற்கெனவே விற்ற ஆண்டில் எழுதப்பட்டுவிட்டது. இப்போது நடப்பது கடனைத் தீர்ப்பது மட்டுமே. கடையில் வாங்கிய சரக்குக்குப் பின்னால் பணம் கொடுக்கும்போது அதை மறுபடியும் செலவாக எழுதுவோமா? அது மாதிரிதான் இதுவும்.

ஒதுக்கு என்ற சொல்லே மாணவர்களைக் குழப்புகிறது. எங்கோ வங்கியில் அந்தப் பணத்தை ஒதுக்கிவைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு ரூபாய்கூடத் தனியே இல்லை. அது பணமல்ல, பொறுப்பு. காப்பு என்பது வேறு. அது லாபத்திலிருந்து பிரித்து வைப்பது, முதலாளிக்குச் சொந்தமானது. ஒதுக்கு வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியது. இரண்டையும் ஒன்றாக நினைத்தவர்கள் செய்கிற தப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, எவ்வளவு ஒதுக்குவது? விற்ற 10,000 கிரைண்டர்களில் எது பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நூற்றுக்கு எத்தனை வரும் என்பது பழைய ஜாப் கார்டுகளைப் பார்த்தால் தெரியும். இந்த நிறுவனத்தில் ஒரே ஆண்டில் விற்ற நூறு கிரைண்டர்களை எடுத்துக்கொண்டால் வாரண்டி முடிவதற்குள் எட்டுப் பழுதுகள் வருகின்றன. ஒரு பழுதுக்குச் சராசரியாக உதிரிபாகம் ₹380, மெக்கானிக் கூலி ₹220, போக்குவரத்து ₹150, ஆக ₹750. எட்டுப் பழுதுக்கு ₹6,000. அதை நூறு கிரைண்டர்களுக்குப் பிரித்தால் கிரைண்டர் ஒன்றுக்கு ₹60. விலையில் ஒரு சதவீதம். எந்தக் கிரைண்டரும் தனியாக ₹60க்குப் பழுதாவதில்லை. ஒன்றுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்கு மோட்டாரே போகும். ஆனால் மொத்தத்தையும் ஒரு கூட்டமாகப் பார்க்கும்போது அந்த ₹60 நம்பத்தக்க எண். கணக்கியல் தரநிலை 29, பெரிய நிறுவனங்களுக்கான இண்ட் ஏ.எஸ். 37 இரண்டுமே தனி ஒரு பொருளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அந்த எட்டுப் பழுதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விற்பனை ஆண்டு முழுக்க நடக்கிறது. ஏப்ரலில் விற்றதும் உண்டு, மார்ச்சில் விற்றதும் உண்டு. ஆகவே இரண்டு ஆண்டு வாரண்டி மூன்று நிதியாண்டுகளில் பரவுகிறது. இங்கே விற்ற ஆண்டில் நூற்றுக்கு இரண்டு, அடுத்த ஆண்டில் நான்கு, அதற்கும் அடுத்த ஆண்டில் இரண்டு. இந்த இரண்டு, நான்கு, இரண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

நிறுவனம் 2017-18இல் தொடங்கியது. அந்த ஆண்டு 10,000 கிரைண்டர் விற்றது. அடுத்த ஆண்டு 15,000. அதற்கடுத்து 20,000. தணிக்கைக்கு நான் போய்ச் சேர்ந்தது இரண்டாம் ஆண்டு முடிவில். அதுவரை ஒதுக்கு என்ற கணக்கே அங்கே கிடையாது. பழுது பார்த்த அன்று செலவு எழுதுவார்கள், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு விற்பனைக்கு மட்டும் ₹9 லட்சம் வாரண்டிச் செலவு எழுத வேண்டும், முதல் ஆண்டில் விட்டுப்போனதையும் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னேன். உரிமையாளருக்கு வருத்தம். “ஏனுங்க ஆடிட்டர் சார், வருஷம் முழுக்க ரிப்பேருக்கு ஆனதே அஞ்சே கால் லட்சந்தானுங்க. ஒம்பது கோடி விற்பனையில அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அத விட்டுப்போட்டு நீங்க ஒரு சதவீதம்ங்கறீங்க. இல்லாத செலவ எதுக்குங்க எழுதோணும்?” என்று கேட்டார்.

நேர்மையான மனிதர் அவர். கேள்வியும் நேர்மையான கேள்வி. அவர் சொன்ன எண்ணிலும் பிழையில்லை. அந்த ஆண்டு வந்த பழுதுகள் 700. முதல் ஆண்டு விற்றதில் நூற்றுக்கு நான்கு வீதம் 400, இரண்டாம் ஆண்டு விற்றதில் நூற்றுக்கு இரண்டு வீதம் 300. எழுநூறு பழுதுக்கு ₹5,25,000. ஆனால் அவர் அதை எதனால் வகுத்தார் என்று பாருங்கள். பழுதானவற்றில் பாதிக்கு மேல் போன ஆண்டு விற்ற 10,000 கிரைண்டரிலிருந்து வந்தவை. அவர் வகுத்ததோ இந்த ஆண்டு விற்பனையால். மேலே உள்ள எண் ஒரு கூட்டத்திலிருந்து வருகிறது, கீழே உள்ள எண் வேறொரு பெரிய கூட்டத்திலிருந்து வருகிறது. விற்பனை வளர்ந்துகொண்டே இருக்கும்போது இப்படி வகுத்தால் விகிதம் எப்போதும் குறைவாகவே தெரியும்.

அவர் முறையிலேயே நான்கு ஆண்டும் போட்டுக் காட்டுகிறேன். முதல் ஆண்டு 200 பழுது, ₹1,50,000, ஆறு கோடி விற்பனையில் கால் சதவீதம். இரண்டாம் ஆண்டு ஏறக்குறைய 0.58 சதவீதம். மூன்றாம் ஆண்டில் மூன்று கூட்டங்களும் சேர்ந்து 200, 600, 400 என்று 1,200 பழுதுகள் வந்தன. ₹9 லட்சம் செலவு, பன்னிரண்டு கோடி விற்பனையில் முக்கால் சதவீதம். மூன்று ஆண்டுகளும் அவர் கையில் ஒரு சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது.

நான்காம் ஆண்டு 2020-21. ஊரடங்கு. விற்பனை 10,000க்கு இறங்கிவிட்டது. ஆனால் முந்தைய ஆண்டுகளில் விற்ற கிரைண்டர்கள் வீடுகளில் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? இரண்டாம் ஆண்டுக் கூட்டத்திலிருந்து 300, மூன்றாம் ஆண்டுக் கூட்டத்திலிருந்து 800, புதிதாக விற்றதிலிருந்து 200. மொத்தம் 1,300 பழுது, ₹9,75,000. ஆறு கோடி விற்பனையில் 1.6 சதவீதத்துக்கும் மேல். பழைய முறையிலேயே எழுதியிருந்தால், விற்பனை பாதியாகிப்போன ஆண்டில் பழுதுச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடியிருப்பதாகக் கணக்கு காட்டியிருக்கும். வங்கி மேலாளர் தரம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருப்பார். உண்மையில் கிரைண்டரின் தரம் நான்கு ஆண்டுகளிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. நூற்றுக்கு எட்டு. அதில் மாற்றமே இல்லை.

ஒதுக்கு வைத்து எழுதினால் இதே நான்கு ஆண்டுகள் எப்படித் தெரிகின்றன? ஒவ்வோர் ஆண்டும் விற்ற கிரைண்டருக்கு ₹60 வீதம் செலவு. ஆறு லட்சம், ஒன்பது லட்சம், பன்னிரண்டு லட்சம், மறுபடி ஆறு லட்சம். எல்லா ஆண்டும் விற்பனையில் ஒரு சதவீதம். பழுதுச் செலவுகள் அந்தந்த ஆண்டில் ஒதுக்கிலிருந்து கழிகின்றன. முதல் ஆண்டு முடிவில் மீதி ₹4,50,000. இரண்டாம் ஆண்டு முடிவில் ₹8,25,000. மூன்றாம் ஆண்டு முடிவில், அதாவது 2020 மார்ச் 31 அன்று, ₹11,25,000.

இந்தப் பதினொன்றேகால் லட்சம் சரியா என்று எப்படிச் சோதிப்பது? முந்தைய மீதியோடு கூட்டிக் கழித்து வந்த எண் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. கூட்டலும் கழித்தலும் பேரேட்டைத்தான் சரிபார்க்கும், உலகத்தைச் சரிபார்க்காது. அன்றைய தேதியில் வாரண்டி மிச்சமிருக்கும் கிரைண்டர்களை எண்ண வேண்டும். முதல் ஆண்டுக் கூட்டத்துக்கு வாரண்டி முடிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு விற்ற 15,000இல் இன்னும் நூற்றுக்கு இரண்டு, அதாவது 300 பழுது வர வேண்டும். மூன்றாம் ஆண்டு விற்ற 20,000இல் நூற்றுக்கு ஆறு, அதாவது 1,200. மொத்தம் 1,500 பழுது, ₹750 வீதம் ₹11,25,000. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால்தான் நிம்மதி. எளிமையாக்கிய எண்கள் என்பதால் இங்கே ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிறது. நிஜத்தில் பொருந்தாது. பொருந்தாத வித்தியாசத்தை அந்த ஆண்டு இலாப நட்டக் கணக்கில் சரிசெய்தாக வேண்டும். ஒவ்வோர் இருப்புநிலைக் குறிப்பு நாளிலும் ஒதுக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தரநிலை சொல்வது இந்த வேலையைத்தான்.

இந்தச் சோதனையைச் செய்ய ஒரு தகவல் தேவை. பழுதான கிரைண்டர் எந்த ஆண்டு விற்றது? முதன்முதலில் நான் அவர்களுடைய ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தபோது அதில் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், பழுது, மாற்றிய பாகம் எல்லாம் இருந்தன. விற்ற தேதி மட்டும் இல்லை. மெக்கானிக் வாரண்டி அட்டையைப் பார்த்துவிட்டு, “வாரண்டி உண்டு” என்று டிக் அடித்துவிட்டு வந்துவிடுவார். அவர் கண்ணால் பார்த்த தேதி தாளில் ஏறவே இல்லை. மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அதுவரை சேர்ந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஜாப் கார்டுகளை வரிசை எண்ணை வைத்து, அனுப்பிய ரசீதோடு ஒப்பிட்டு, ஆண்டுவாரியாகப் பிரித்து எடுக்க என் உதவியாளர்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதன் பிறகுதான் இரண்டு, நான்கு, இரண்டு என்ற கணக்கு எங்களுக்கு உறுதியானது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நிறுவனத்தின் பேரேட்டில் விற்பனை என்பது டீலருக்கு அனுப்பிய தேதி. வாரண்டி தொடங்குவதோ கடையில் வாடிக்கையாளருக்குப் பில் போட்ட தேதியில். மார்ச் மாதம் டீலருக்குப் போன கிரைண்டர் குடோனில் நான்கு மாதம் கிடந்து ஆடித் தள்ளுபடியில் விற்றால், அதன் வாரண்டி நிறுவனம் நினைப்பதைவிட நான்கு மாதம் நீளும். மூன்று நிதியாண்டில் முடியும் என்று நினைத்தது நான்காவது ஆண்டிலும் கொஞ்சம் வழியும். நான் மேலே போட்ட கணக்கில் இதை விட்டுவிட்டேன். டீலரிடம் சரக்கு தேங்கும் தொழில்களில் இதை விடவே கூடாது.

ஒதுக்கிலிருந்து எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்பதும் ஜாப் கார்டில்தான் தீர்மானமாகிறது. வாரண்டிக்குள் வந்த பழுதுக்குப் போட்ட உதிரிபாகம் கழியும். நிறுவனத்துக்கு அடக்கமான விலையில், எம்.ஆர்.பி.யில் அல்ல. மெக்கானிக் கூலி கழியும், போய்வந்த செலவு கழியும். வாரண்டி முடிந்து காசு வாங்கிச் செய்த பழுது கழியாது. கூடுதலாகப் பணம் வாங்கி மூன்றாவது ஆண்டுக்கு விற்ற நீட்டித்த வாரண்டி முற்றிலும் வேறு. அது ஒரு சேவையை விற்பது. அந்தப் பணத்தை உடனே வருமானமாக்காமல் அந்தக் காலம் முழுக்கப் பரப்பி எழுத வேண்டும். அதன் பழுதுச் செலவு இந்த ஒதுக்குக்குள் வரக் கூடாது.

சில நேரம் வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆனவருக்கும் முகத்துக்காக இலவசமாகச் செய்து கொடுப்பார்கள். எப்போதாவது நடந்தால் அது அந்த ஆண்டின் விற்பனைச் செலவு. ஆனால், “அந்தக் கம்பெனிக்காரங்க ரெண்டு மாசம் தாண்டினாலும் செஞ்சு கொடுத்திருவாங்க” என்று ஊர் முழுக்கத் தெரிந்து, அதை நம்பி வாங்குகிறார்கள் என்றால், அட்டையில் அச்சடிக்காவிட்டாலும் அது கடமைதான். அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். எந்தச் செலவுக்காக ஒதுக்கு வைத்தோமோ அந்தச் செலவை மட்டுமே அதிலிருந்து கழிக்கலாம் என்பது இரண்டு தரநிலைகளிலும் நேரடியாக எழுதப்பட்டிருக்கும் விதி. டீலர் மாநாட்டுச் செலவையும் கடையில் காட்சிக்கு வைத்த கிரைண்டரின் கல்லை மாற்றிய செலவையும் இங்கே தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படித் தள்ளினால் அந்த ஆண்டு லாபம் கூடுதலாகத் தெரியும். அதைவிடப் பெரிய கேடு, அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக்கு அடிப்படையாகும் பழுதுச் சரித்திரமே அழுக்காகிவிடும்.

அந்தச் சரித்திரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் வழக்கு ஒன்று சாட்சி. வருமான வரித் துறை நெடுங்காலம் வாரண்டி ஒதுக்கைச் செலவாக ஏற்க மறுத்தது. பழுது வரலாம், வராமலும் போகலாம், ஆகவே இது நிகழக்கூடிய பொறுப்பு மட்டுமே என்பது துறையின் வாதம். சென்னையில் வால்வு ஆக்சுவேட்டர் செய்யும் ரோட்டார்க் கண்ட்ரோல்ஸ் இந்தியா நிறுவனம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் விற்பனையில் 1.5 சதவீதம் ஒதுக்கி வந்தார்கள். 1991-92 மதிப்பீட்டு ஆண்டில் ஒதுக்கியது ₹10,18,800. பயன்படாமல் மிஞ்சிய ₹5,18,554ஐத் திருப்பி எழுதிவிட்டு, மீதி ₹5,00,246ஐ மட்டும் செலவாகக் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி எஸ்.எச். கபாடியா கம்ப்யூட்டர் விற்கும் நிறுவனம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். 36 மாத வாரண்டி கொடுக்கும் அந்த நிறுவனத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. செலவான ஆண்டில் எழுதலாம். வாடிக்கையாளர் புகார் கொடுத்த பிறகு ஒதுக்கலாம். அனுபவத்தை வைத்து விற்பனையில் இரண்டு சதவீதத்தை விற்ற ஆண்டிலேயே ஒதுக்கலாம். முதல் இரண்டு வழிகளும் வருமானத்தோடு செலவைப் பொருத்துவதில்லை, மூன்றாவதே பொருத்தமானது என்கிறது தீர்ப்பு. ஆனால் மாணவர்கள் கவனிக்க வேண்டியது அதற்கு நீதிமன்றம் வைத்த நிபந்தனையை. கடந்த நிகழ்வால் இன்றைக்கு ஒரு கடமை இருக்க வேண்டும். பணம் வெளியே போகும் வாய்ப்பு இருக்க வேண்டும். தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும். இந்த மூன்றாவதற்கு ஆதாரம் பழைய ஆண்டுகளின் பழுது விவரம். அது இல்லாமல் வாய்க்கு வந்த சதவீதத்தைப் போட்டுவிட்டு ரோட்டார்க் தீர்ப்பைக் காட்டுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த வருமானக் கணக்கீட்டுத் தரநிலை இன்னும் ஒரு படி மேலே போய், செலவு நியாயமான அளவு உறுதியாக இருக்க வேண்டும் என்கிறது. விற்ற தேதி உள்ள ஜாப் கார்டு இல்லாதவர் அதிகாரி முன்னால் எதைக் காட்டுவார்?

இதுவரை சொன்னது வழக்கமான பழுது. இனி அசாதாரணமான ஒன்று.

2020 ஜூன் மாதம், அதே கிரைண்டர் நிறுவனத்தில், மோட்டார் தொடங்காமல் வெறுமனே உறுமுகிறது என்ற புகார்கள் ஒரே வாரத்தில் நிறைய வந்தன. வரிசை எண்களைப் பார்த்தால் எல்லாமே அடுத்தடுத்த எண்கள். ஒரே லாட் கபாசிட்டர். அந்த லாட் 1,600 கிரைண்டர்களில் ஏறியிருந்தது, எல்லாமே 2019-20இல் விற்றவை. பாதி திரும்பி வரும் என்று பட்டறையின் பொறியாளர் மதிப்பிட்டார். கபாசிட்டர் மாற்றுவது சின்ன வேலை, ₹500 ஆகும். 800 கிரைண்டருக்கு ₹4 லட்சம். நூற்றுக்கு எட்டு என்ற வழக்கமான கணக்குக்கு மேல் இது கூடுதல்.

இந்த நான்கு லட்சம் எந்த ஆண்டுக்கு? புகார் வந்தது ஜூனில், ஆகவே 2020-21க்கு என்று கணக்காளர் எழுதினார். அது தவறு. 2019-20 கணக்கில் அப்போது இன்னும் கையெழுத்தாகவில்லை. கெட்ட கபாசிட்டர் மார்ச் 31 அன்றே அந்தக் கிரைண்டர்களுக்குள் இருந்தது. நமக்குத் தெரிந்ததுதான் ஜூனில். மார்ச் 31 அன்று இருந்த நிலைமையைப் பற்றிய தகவல் கையெழுத்துக்கு முன் கிடைத்தால், அந்தக் கணக்கையே திருத்த வேண்டும். ஆகவே 2020 மார்ச் 31 ஒதுக்கு ₹11,25,000 அல்ல, ₹15,25,000.

கபாசிட்டர் விற்றவர், “ரெண்டு லட்சம் நான் கொடுத்துடறேனுங்க” என்று தொலைபேசியில் சொன்னார். ஒதுக்கை ₹2 லட்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று உரிமையாளர் கேட்டார். முடியாது என்றேன். வாடிக்கையாளருக்கு நாம் பட்ட கடன் நான்கு லட்சம்தான். யாரோ நமக்குப் பணம் கொடுப்பதால் அது குறையாது. சப்ளையர் பணம் கிடைப்பது ஏறத்தாழ உறுதியான பிறகு, அதைத் தனிச் சொத்தாக மறுபக்கம் எழுதலாம். ஒப்புதல் கடிதம் 2021 ஜனவரியில்தான் வந்தது, அந்த ஆண்டில் எழுதினோம். கடைசியில் 800 அல்ல, 620 கிரைண்டர்களே திரும்பி வந்தன. ₹3,10,000 ஒதுக்கிலிருந்து கழிந்தது. அந்தக் கூட்டத்தின் வாரண்டி முடிந்த 2021-22இல் மிச்சம் ₹90,000 திருப்பி எழுதப்பட்டது. மதிப்பீடு தவறிவிட்டதே என்று பொறியாளர் சங்கடப்பட்டார். சங்கடப்பட ஒன்றுமில்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் போட்ட நேர்மையான எண் அது. மிஞ்சியது தெரிந்ததும் வெளிப்படையாகத் திருப்பினோம்.

வெளிப்படையாகத் திருப்பாத கதை ஒன்றும் எனக்குத் தெரியும். தணிக்கைப் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு மிக்ஸி நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். நல்ல ஆண்டுகளில் அவர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு ஒதுக்கி வந்திருந்தார்கள். ஒதுக்கையும் காப்பையும் ஒன்றாக நினைத்ததாக முதலில் சொன்னேனே, அந்தத் தப்புதான். பிறகு விற்பனை சரிந்து நட்டம் வரவேண்டிய ஆண்டில், அந்த அதிகப்படியை எடுத்து, ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் மற்ற சில்லறை இனங்களோடு கலந்து எழுதிவிட்டார்கள். நட்டம் லாபமாகிவிட்டது. பேரேட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் நான் கடந்துபோனேன். இருபத்திரண்டு வயது எனக்கு. அந்த ஆண்டறிக்கையை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். இன்று வரை அது என் மனத்தை உறுத்துகிறது.

இப்போது அதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை. பட்டியலிட்ட எந்த மின்சாதன நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் எடுத்து, குறிப்புகள் பகுதியில் ஒதுக்குகளின் அசைவு அட்டவணையைப் பாருங்கள். தொடக்க இருப்பு, ஆண்டில் சேர்த்தது, பயன்படுத்தியது, பயன்படாமல் திருப்பியது, இறுதி இருப்பு என்று இருக்கும். பயன்படுத்தியது பல ஆண்டுகளாகத் தொடக்க இருப்பில் சிறு பங்காகவே இருந்தால் அளவுக்கு மீறி ஒதுக்குகிறார்கள். சரியாக லாபம் குறைந்த ஆண்டில் திருப்பிய தொகை பெரிதாகத் தோன்றினால் சந்தேகப்படுங்கள். அடுத்த ஆண்டு பயன்பாட்டில் முந்தைய ஆண்டுகளின் விற்பனைக்கு உரிய பங்கு மட்டுமே தொடக்க இருப்பைத் தாண்டிப் போனால் ஒதுக்கியது போதவில்லை என்று பொருள், முந்தைய ஆண்டுகளின் லாபத்தில் அவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும். விற்பனை வேகமாக வளர்ந்தும் ஒதுக்கு அசையாமல் நின்றால், என் கிரைண்டர் நண்பர் செய்த வகுத்தல் பிழைதான் அங்கேயும் நடக்கிறதோ என்று போட்டுப் பாருங்கள். ஒரு காகிதமும் பென்சிலும் போதும். வருகிற வாரமே ஒரு நிறுவனத்தின் ஐந்து ஆண்டு அட்டவணையை எடுத்து இதைச் செய்து பார்க்கும்படி இங்குள்ள மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செய்தவர்கள் எனக்கு எழுதினால் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுவேன்.

அந்தக் கிரைண்டர் நிறுவனத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். ஜாப் கார்டைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் மேலே, முதல் கட்டம் வாடிக்கையாளரின் பில் தேதி. அது நிரம்பாத கார்டுக்கு ஸ்டோரில் உதிரிபாகம் கொடுப்பதில்லை.